ஐந்து இலட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது?

2025 மார்ச்சில் ஆனையிறவு உப்பளத்தில் புதிய உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்ட கிழமையில் ஊர்ப் பெடியன் ஒருவன் கேட்டான்: "அண்ணை, இதின்ரை பங்கு வாங்கேலுமோ?" ஏலாது. ஆனையிறவு உப்பளம் அரசுக் கம்பனி ஒன்றிடம் இருக்கிறது. அந்தக் கம்பனி சந்தையில் பட்டியலிடப்பட்டதல்ல. கொழும்புப் பங்குச் சந்தையில் உப்பைத் தேடினால் ரைகம் வயம்ப சோல்ற்றேண்ஸ் என்ற பெயர் வரும். ஆனால் பெயர் பட்டியலில் இருப்பது ஒன்று, அதை வாங்கி, வேண்டிய நாளில் விற்று வெளியே வர முடிவது இன்னொன்று. இரண்டாவதை எப்படி அறிவது என்று ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடம் கேட்டேன். அவன் தன் வடிகட்டியை அப்படியே அனுப்பினான். Finviz என்ற தளத்தில் சராசரி வால்யூம் `Over 500K`, அதாவது நாளுக்கு ஐந்து இலட்சம் பங்குகளுக்கு மேல். சந்தையில் புழங்கும் பங்கு, அவன் மொழியில் ஃபுளோட், போதிய அளவு. வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் உள்ள இடைவெளி, அதாவது ஸ்பிரெட், அரை வீதத்துக்குள்.

இந்த எண்களைக் கொழும்புக்குப் போட்டுப் பார்த்தேன். சில ரூபா மட்டுமே விலையுள்ள பங்குகள் நிறைய உள்ளே வந்தன, நல்ல கம்பனிகள் சில வெளியே நின்றன. அதன்பிறகுதான் இவை எங்கே பிறந்தவை என்று தேடத் தொடங்கினேன்.

வால்யூமைப் பங்கு எண்ணிக்கையில் சொல்வது நியூயோர்க்கின் பழைய வழக்கம். அங்கே நூறு பங்குதான் நீண்டகாலமாக வியாபாரத்தின் அலகாக இருந்தது; விலைகளும் பெரும்பாலும் பத்து டொலர்களில் தொடங்கிச் சில நூறு டொலர்கள் வரை. 20 டொலர்ப் பங்கில் ஐந்து இலட்சம் என்றால் நாளுக்கு ஒரு கோடி டொலர் கைமாறுகிறது. கொழும்பில் அதே ஐந்து இலட்சம், 8 ரூபாப் பங்கில் 40 இலட்சம் ரூபா. 400 ரூபாப் பங்கில் 20 கோடி ரூபா. ஒரே வடிகட்டி ஐம்பது மடங்கு வேறுபாட்டைக் காணாமல் விடுகிறது. பங்குகளை எண்ணாமல் ரூபாவை எண்ண வேண்டும்.

ஸ்பிரெட்டின் கதை இன்னும் நீளம். 1997 வரை நியூயோர்க்கில் விலை பெரும்பாலும் டொலரின் எட்டில் ஒரு பங்காகத்தான் நகர்ந்தது. பிறகு பதினாறில் ஒன்று. 2001 இல் ஒரு சதம். எட்டில் ஒன்று என்பது 12.5 சதம், 20 டொலர்ப் பங்கில் அது 0.6 வீதத்துக்கு மேல். ஆகவே மச்சானின் அரை வீதம் சத காலத்தில் பிறந்த எண்ணாக இருக்கலாம் என்பது என் ஊகம். கொழும்பிலோ நூறு ரூபாவுக்குக் குறைந்த பங்கு 10 சதப் படிகளில் நகர்கிறது. 2 ரூபாப் பங்கில் ஒரே படியே 5 வீதம். அரை வீத வடிகட்டியை அங்கே போட்டால் 20 ரூபாவுக்குக் கீழே எதுவும் தேறாது. அது ஸ்பிரெட் வடிகட்டியாக இராமல் விலை வடிகட்டியாகிவிடும்.

இதை ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் கண் முன்னே காட்டியது. 2024 இன் பிற்பகுதியில் அக்கம்பனி தன் ஒவ்வொரு பங்கையும் பத்தாகப் பிரித்தது. 200 ரூபாப் பங்கு 25 சதப் படியில் நகர்ந்தால் மிகக் குறைந்த இடைவெளி 0.125 வீதம்; 20 ரூபாவாகி 10 சதப் படியில் நகர்ந்தால் 0.5 வீதம். அதே நேரம் வால்யூம் எண்ணிக்கை தானாகவே பத்து மடங்காகும். கம்பனி மாறவில்லை, பணமும் மாறவில்லை. ஆனால் ஒரு வடிகட்டி அதைக் கூடுதல் நல்லது என்கிறது, இன்னொன்று கூடாது என்கிறது.

ஃபுளோட்டைப் பார்க்கும் பழக்கத்தைப் பரப்பியவை சந்தைச் சுட்டெண்கள். முழுப் பங்கையும் கணக்கிட்டால், உரிமையாளர் விற்காமல் பூட்டி வைத்திருப்பதற்கும் எடை கிடைத்துவிடும். மும்பையின் சென்செக்ஸ் 2003 செப்ரெம்பரில் புழங்கும் பங்குக்கு மாறியது, அமெரிக்காவின் எஸ் அன்ட் பி 500 2005 இல் மாறியது. கொழும்பில் இதற்கெனத் தளம் தேடத் தேவையில்லை: கம்பனிகளின் காலாண்டு அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் பொதுமக்கள் கையிருப்பு வீதமும் முதல் இருபது பங்குதாரரின் பட்டியலும் இருக்கும். அந்தப் பட்டியலை வாசிப்பதுதான் முக்கியம். 'பொதுமக்கள்' என்ற கணக்குக்குள் ஆண்டுக்கணக்கில் அசையாத ஓய்வூதிய நிதியும் இருக்கலாம்.

விளக்கத்துக்காக நானே ஆக்கிய எண்களில் ஒரு பங்கை எடுக்கிறேன். விலை 8 ரூபா, மொத்தம் 25 கோடிப் பங்கு, பொதுமக்கள் கையில் 20 வீதம். இருபது பேர் பட்டியலில் ஒரு நிதி மட்டும் 8 வீதம் வைத்திருக்கிறது. அது விற்கப்போவதில்லை என்று கொண்டால் மிஞ்சுவது 12 வீதம், 3 கோடிப் பங்கு. இனி வால்யூம். 60 வியாபார நாட்களில் 59 நாள் சராசரியாக 15,000 பங்கு, ஒரு நாள் மட்டும் 60 இலட்சம். அந்த ஒரு நாள் குறோசிங்: இரண்டு பெரியவர்கள் விலை பேசி முடித்துத் தரகர் மூலம் பதிந்தது. அதில் உங்களுக்கும் எனக்கும் இடமே இருக்கவில்லை. ஆனால் சராசரி 1,14,750 என்று எழும்பிவிட்டது. நாட்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் 12,000 பங்குதான் வருகிறது என்று வைப்போம்; ரூபாவில் 96,000. விரிதாளில் F நிரலில் நாளாந்தப் புரள்வும், B2 இல் வாங்குவோர் விலையும், C2 இல் விற்போர் விலையும் இருந்தால் இவ்வளவே போதும்:

```
=MEDIAN(F2:F61)
=(C2-B2)/((C2+B2)/2)
```

இந்தப் பங்கில் இரண்டு இலட்சம் ரூபா போடுவதென்றால் 25,000 பங்கு வாங்க வேண்டும். நாளின் வியாபாரத்தில் பத்திலொன்றுக்கு மேல் எடுத்தால் விலையை நாமே தள்ளத் தொடங்குவோம் என்பது என் அளவு. அப்படியானால் நாளுக்கு 1,200. வாங்கி முடிய 21 வியாபார நாள், விற்று முடியவும் அவ்வளவு. சராசரியை நம்பியவர் மூன்று நாளில் முடியும் என்று நினைத்திருப்பார்.

விலைப் பக்கம் பார்த்தால், வாங்குவோர் 7.90, விற்போர் 8.10. இடைவெளி 2.5 வீதம். தரகும் வரியும் கட்டணமும் சிறு வியாபாரத்துக்கு ஒரு பக்கம் 1.12 வீதம், இரு பக்கமும் 2.24. விலை அசையாமல் நின்றாலே உடனே வாங்கி உடனே விற்பவருக்கு 4.7 வீதம் போய்விடும். ஸ்பிரெட்டை ஒரு கணத்தில் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. சந்தை திறக்கும் 9.30 க்கு அது விரியும், பெரிய கட்டளை ஒன்று நிற்கும்போது சுருங்கும். பத்தரைக்கும் ஒன்றரைக்கும் சில நாட்கள் குறித்து வைத்து, அந்த விலைகளில் எத்தனை பங்கு நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 8.10 இல் 200 பங்கு மட்டும் நின்றால் அந்த இடைவெளி 25,000 பங்குக்காரருக்கு உரியதல்ல.

ஆகவே அந்தப் பெடியனுக்கு மச்சானின் ஐந்து இலட்சத்தை நான் கொடுக்கவில்லை. அவன் போடப்போகும் தொகையைக் கேட்டேன், ஐம்பதாயிரம் என்றான். அதை ஐந்து நாளில் வாங்கி முடிக்க நாளுக்குப் பத்தாயிரம், ஆகவே நடு நாளின் புரள்வு ஒரு இலட்சமாவது வேண்டும். இடைவெளி இரண்டு படிக்குள், விலை 20 ரூபாவுக்கு மேல்: அப்போது ஸ்பிரெட் ஒரு வீதத்தைத் தாண்டாது. இந்தக் கணக்கில் தேறியதும் ஒரு நாள் விற்க முடியாமல் போகலாம் என்பதையும் சொன்னேன். 2020 மார்ச் பிற்பகுதியிலிருந்து மே 11 இல் மறுபடி திறக்கும் வரை கொழும்புச் சந்தை மூடியே கிடந்தது. 2022 ஏப்ரலில் மறுபடி ஒரு வாரம் மூடியது. அறுபது நாள் புரள்வை எப்படி அடுக்கினாலும் அந்த வாரங்கள் அதில் தெரியா. அதனால் மூன்று மாதத்துக்குள் தேவைப்படும் காசை இதில் போடாதே என்றேன், தேறிய பங்குகளுக்கும் சேர்த்துத்தான்.