வளவாளரை அறிமுகம் செய்ய ஒரு நிமிடம் போதும்

 

போன ஞாயிற்றுக்கிழமை ஹாலிஎல பக்கம் ஒரு தோட்டத்தில் சுகாதாரத் தொண்டர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. வந்த வளவாளரை அறிமுகம் செய்யும் பொறுப்பு எனக்கு. "ரெண்டு வார்த்தை பேசினா போதும் டீச்சர்" என்றார்கள். அந்த இரண்டு வார்த்தை ஒரு நாள் பயிற்சியையே கெடுத்துவிடும் என்பதை நான் இரண்டு வருடத்துக்கு முன்பு என் பிழையால்தான் படித்தேன். அந்தக் கதையை முதலில் சொல்கிறேன்.

அன்றும் இதே மாதிரி ஒரு பயிற்சி, பசறைப் பக்கம். நான் ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். வந்தவரின் டிப்ளோமாக்கள், வகித்த பதவிகள், "பன்முக ஆளுமை கொண்ட வளவாளர்" என்று எல்லாம் இருந்தது. கடைசியில், "உங்களுக்கும் விளங்கும் விதமாக மிக எளிமையாகச் சொல்லித் தருவார்" என்று முடித்தேன். நன்றாகக் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு பின்னேரம் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. "கேள்வி இருக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பிள்ளை மடுவத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா மெதுவாக வந்து கேட்டார். "டீச்சர், அந்த ஜீவனிய எவ்வளவு தண்ணியில கரைக்கணும்? நாங்க ஒரு கோப்பையிலதான் கரைச்சுக் குடுப்போம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு லீற்றருக்கான பைக்கற்றை ஒரு கோப்பையில் கரைத்தால் உப்பு பல மடங்கு கூடிவிடும். வயிற்றோட்டத்தில் ஏற்கெனவே தண்ணீர் இழந்த பிள்ளைக்கு அது ஆபத்து. "ஒரு லீற்றர்" என்று காலையில் சொல்லப்பட்டதுதான். ஆனால் ஒரு லீற்றர் என்பது வீட்டில் எந்தப் பாத்திரம் என்று யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவும் இல்லை.

"ஏன் அக்கா அங்கேயே கேக்கல?" என்றேன்.

"நீங்கதான் பெரிய ஆளுன்னு சொன்னீங்களே. தப்பாக் கேட்டா பேர எழுதிக்கிட்டுப் போயிருவாங்களோன்னு பயந்துட்டோம். வளவாளர்னதும் வளவு அளக்க வந்தவங்கன்னுகூட நெனச்சோம்."

சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. தோட்டத்துக்கு ஃபைலோடு வரும் வெளியாள் பெரும்பாலும் கணக்கெடுக்கவோ குறை கண்டுபிடிக்கவோதான் வருவார். நான் அடுக்கிய பட்டங்கள் அந்தப் பயத்தைக் கூட்டின. அதைவிட மோசம் "உங்களுக்கும் விளங்கும் விதமாக" என்ற வசனம். நீங்கள் விளங்காதவர்கள் என்பதைத்தான் நான் மைக்கில் சொல்லியிருக்கிறேன். அந்த மண்டபத்தில் ஏ.எல். படித்த பிள்ளைகளும் இருந்தார்கள், வரவுத் தாளில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைத்த அம்மாமாரும் இருந்தார்கள். இரண்டு பேருக்குமே அது மரியாதையில்லை.

தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்குப் போ என்று கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். வகுப்பில் அதைச் செய்கிற நான் மைக்கைப் பிடித்ததும் மறந்துவிட்டேன்.

ஆகவே இந்த முறை முதல் நாளே வளவாளருக்குக் கோல் எடுத்தேன். அவர் ஒரு குடும்ப நல உத்தியோகத்தர், நாம் மிட்வைப் மிஸ் என்று கூப்பிடுபவர். மூன்று விஷயம் கேட்டேன். உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்? நீங்கள் செய்கிற வேலையில் இந்தப் பெண்கள் கண்ணால் பார்த்த வேலை எது? அவர்கள் உங்களிடம் என்ன கேட்டால் உங்களுக்குச் சந்தோஷம்? மூன்றாவதற்கு அவர் உடனே பதில் சொன்னார்: "வீட்டில் உண்மையாக என்ன செய்கிறார்கள் என்று சொன்னால் போதும்." தனக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும் என்றும் சொன்னார். அதை மறைக்காமல் சபையில் சொல்லலாமா என்று அனுமதி கேட்டுக்கொண்டேன். பட்டங்களை விட்டுவிட்டு வேலை செய்த வருடங்களை மட்டும் சொல்லவும் சம்மதித்தார்.

ஞாயிறு காலை அவருடைய பெயரை நிதானமாக இரண்டு தடவை சொன்னேன். பிறகு பேசியது இவ்வளவுதான்:

"அம்மாமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். இவங்க மிட்வைப் மிஸ். பதினேழு வருஷமா லயத்துக்கு லயம் நடந்து போய் கர்ப்பிணித் தாய்மாரப் பாக்குறாங்க, புள்ளைங்கள நிறுக்குறாங்க. இன்னைக்கு வயித்தோட்டம் வந்த புள்ளைய வீட்டுல எப்படிப் பாத்துக்குறதுன்னு நம்மளோட பேசப் போறாங்க. புள்ள வளத்த அனுபவம் உங்ககிட்ட இருக்கு, அதையும் அவங்க கேக்கணும்னு வந்திருக்காங்க. இது சோதனை இல்ல. யார் பேரையும் எழுத மாட்டாங்க. மிஸ் சிங்களத்துல பேசுவாங்க, நான் தமிழ்ல சொல்லுவேன். நீங்க தமிழ்லயே கேளுங்க. தண்ணிக் குழாய், கூரைத் தகரம் பத்தி இவங்களால ஒண்ணும் செய்ய ஏலாது. புள்ளையோட வருத்தம் பத்தி எது வேணும்னாலும் கேக்கலாம். பத்தரைக்குத் தேத்தண்ணி, மூணு மணிக்கு முடிச்சிருவோம்."

தண்ணீர்க் குழாயைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. "உங்கள் பிரச்சினைகளைத் தீர்த்து வைப்பார்" என்று நாம் வாய் தவறிச் சொன்னால் கூட்டம் அந்தப் பக்கம் போய்விடும். கடைசியில் ஏமாற்றம் வளவாளர் தலையில் விழும். முடியும் நேரத்தைச் சொன்னதற்கும் காரணம் உண்டு. வீட்டில் பிள்ளையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்தவருக்கு அது தெரியாவிட்டால் மனம் சபையில் இருக்காது.

பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மாவிடம், "யாரு வந்திருக்காங்க, எதுக்கு வந்திருக்காங்கம்மா? நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கத்தான் கேக்குறேன்" என்றேன். "மிட்வைப் மிஸ். வயித்தோட்டம் பத்திப் பேச" என்றார். பிழை வந்தால் அது என் பிழை என்று முதலே சொல்லிவிட்டதால் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

தேத்தண்ணிக்கு முன்னமே முதல் கேள்வி வந்தது, அதுவும் பின்வரிசையில் இருந்து. "ஒண்ணரை லீற்றர் சோடாப் போத்தல்லதான் நாங்க ஜீவனி கரைக்கிறோம், சரியா மிஸ்?" மிஸ் கொண்டுவந்த ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை அந்தச் சோடாப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு லீற்றரை அதில் ஊற்றி, தண்ணீர் நின்ற இடத்தில் பேனையால் கோடு போட்டுக் காட்டினார். கொதித்து ஆறிய தண்ணீர் அந்தக் கோடு வரைக்கும்தான். அதற்கு மேல் ஊற்றினால் மருந்து நீர்த்துவிடும்.

இன்னொருவர், "பாதிப் பைக்கற்ற அரை லீற்றர்ல கரைக்கலாமா?" என்றார். வேண்டாம் என்றார் மிஸ். பைக்கற்றுக்குள் உப்பும் சீனியும் ஒரே சீராகக் கலந்திருக்காது, பாதியில் எது கூட வரும் என்று தெரியாது. முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். பிள்ளை குடிப்பதையெல்லாம் சத்தி எடுத்தால், எழுப்ப எழுப்பச் சோர்ந்து விழுந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதையெல்லாம் கேட்டு வாங்கியது அவர்கள்தான்.

உங்களில் யாருக்காவது இப்படி மைக் கையில் வந்தால், எழுதியதை வீட்டில் சத்தமாக ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் முதலில் பட்டங்களை வெட்டுங்கள். "உங்களுக்கும் விளங்கும்படி" என்று எங்காவது இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள்.