பனியன் தெரியுற சட்டை

அப்பா போய் எட்டு மாசம் ஆச்சு. போன ஞாயித்துக்கிழமை அம்மா திடீர்னு, "வாட்ஸப்ல அப்பா படம் வைக்கணும்டா, ஒண்ணு பண்ணிக் குடு"ன்னாங்க. வீட்ல அப்பா படத்துக்குப் பஞ்சமில்லை. ஆனா எல்லாமே பாஸ்போர்ட் ஆபீஸ் முகம். மனுஷன் கேமராவைப் பாத்தா அட்டென்ஷன்ல நின்னுடுவார். அவர் வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒண்ணே ஒண்ணு. பெங்களூர்ல இருந்து வீடியோ கால் பேசினப்போ நான் சும்மா எடுத்து வெச்ச ஸ்க்ரீன்ஷாட். அதுல பனியனோட உக்காந்திருக்கார். "எல்லாரும் பாப்பாங்க, ஒரு சட்டை போட்டு விடு" - இதான் அம்மாவோட ஆர்டர்.

சாஃப்ட்வேர்காரன்னா போட்டோஷாப்பும் தெரியும்னு ஒரு நம்பிக்கை. :-) நம்மகிட்ட இருக்கறது GIMP. உக்காந்தாச்சு.

படம் 1080 புள்ளி அகலம். அடடேன்னு நெனச்சேன், அது ஏமாத்து வேலை. 1080ங்கறது என் போன் திரையோட அளவு. நெட் சுமாரா இருந்தா வர்ற வீடியோ அதைவிட ரொம்பச் சின்னதா வரும், போன்தான் அதை இழுத்துப் பெருசாக்கிக் காட்டும். கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கு. படத்தை மூணுல ஒரு பங்கா சுருக்கி, திரும்பப் பழைய அளவுக்குப் பெருசாக்கி, ஒரிஜினல் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எனக்கு வித்தியாசமே தெரியலை. நாலுல ஒண்ணாக்கினதும்தான் கண் இமையெல்லாம் கரைஞ்சது. ஆக, கையில நிஜமா இருக்கறது 360 புள்ளி. அதுல அப்பா முகம் ஒரு 140.

முகத்தைப் பளிச்சுனு ஆக்குற ஆப் ஒண்ணுலயும் போட்டுப் பாத்தேன். ஒவ்வொரு முடியும் எண்ணலாம் போல வந்தது. அம்மா ரெண்டு செகண்ட் பாத்துட்டு, "யார்றா இது, உங்க சித்தப்பாவா?"ன்னாங்க. படத்துல இல்லாத விவரத்தை அது எங்கேர்ந்து கொண்டு வரும்? வேற ஆயிரம் முகத்தைப் பாத்த பழக்கத்துல தானா வரையுது. தாடையில இருந்த சின்னத் தழும்பு காணாமப் போயிருந்தது. அதோட அந்த ஆசையை விட்டுட்டேன். முகத்தைத் தொடுறதில்லைன்னு முடிவு.

அப்புறம் சட்டை. நெட்ல கிடைக்கிற சட்டைப் படமெல்லாம் நேரா எதிர்ல நின்னு எடுத்தது. அப்பா போனை மடியில வெச்சுட்டுப் பேசுற ஆளு, கேமரா கீழேர்ந்து மேல பாக்குது. நேர்ப் படத்துச் சட்டையை அதுல வெச்சா கழுத்துல அட்டை மாட்டின மாதிரி இருக்கும். கடைசியில பீரோவைத் திறந்து அப்பாவோட வெளிர்நீலச் சட்டையை எடுத்து நானே போட்டுக்கிட்டேன். (தோள்பட்டை சரியா இருந்தது. எனக்கே ஆச்சரியம்.) அதே நாற்காலி, அதே ட்யூப்லைட் இடது பக்கம், போன் மடியில, பத்துப் பதினைஞ்சு படம்.

என் படம் ரொம்பத் துல்லியமா இருந்ததுதான் அடுத்த தலைவலி. மங்கலான முகத்துக்குக் கீழ நூல் தெரியுற சட்டை வந்தா, ஒட்டு வேலைன்னு யாரும் சொல்லிடலாம். முகத்தைச் சட்டை அளவுக்கு ஏத்த முடியாது, சட்டையை முகம் அளவுக்கு இறக்கலாம். அதனால 360 புள்ளி அளவுக்குச் சுருக்கி, `Gaussian Blur` ஒரு புள்ளி, மேல கொஞ்சம் `RGB Noise`. காலருக்குக் கீழ ஒரு புது லேயர்ல `Multiply` வெச்சு, கழுத்துல மெல்லிசா நிழல். அப்படியும் ஓரம் வெட்டின மாதிரியே தெரிஞ்சது. காரணம் அப்புறம்தான் உறைச்சது. வீடியோவுல வெளிச்சத்துக்கு இருக்கிற புள்ளியில கால்வாசிதான் நிறத்துக்கு. அதனால அசல் படத்துல ஒரு பொருளோட நிறம் பக்கத்துல லேசா கசிஞ்சிருக்கும். காலர் நீலத்தைக் கழுத்து ஓரத்துல ஒரு புள்ளி அளவுக்குத் தடவி விட்டதும் உக்காந்துடுச்சு. கடைசியா ரெண்டு மடங்கு மட்டும் பெருசாக்கி, முகமும் சட்டையும் சேர்ந்து ஒரே JPEG-ஆ சேமிச்சேன். வட்டமா, சின்னதா தெரியுற படத்துக்கு இது தாராளம்.

ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம், "மேல் பட்டன் எதுக்குடா போட்டிருக்கே? உங்கப்பா என்னிக்குப் போட்டார்?"

ஒட்டின இடத்தை மறைக்கத்தான் காலரை மூடி வெச்சிருந்தேன், அதை எப்படிச் சொல்றது. திரும்ப சட்டையை மாட்டி, பட்டனைத் திறந்து விட்டு இன்னொரு படம். காலர் நடுவுல லேயர் மாஸ்க்கைக் கறுப்பா தடவினா, கீழ இருந்த அப்பாவோட நிஜக் கழுத்தே வந்தது. கூடவே பனியன் ஓரமும் ஒரு கோடு மாதிரி எட்டிப் பாத்தது. "அதையும் அழிச்சுடவா?"ன்னேன்.

"வேணாம், இருக்கட்டும்"னுட்டு போனை வாங்கிட்டாங்க.