ஒரு கெட்ட மார்க்கு, ரெண்டு அடி!

கோவளத்தில் அலைச்சறுக்கு பழகுகிற பையன்கள் ஒரு பக்கம். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரனுக்கு லோகோ வரைகிற பையன்கள் இன்னொரு பக்கம். நான் பி.காம். என்பதால் இந்த இரண்டாவது கோஷ்டி கணக்குக்கு என்னைத் தேடி வரும். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எல்லாத்துலயும் அஞ்சு ஸ்டார்தாண்ணே. அப்புறம் ஸ்கோர் ஏன் குறையுது?"

அப்வொர்க் தளத்தை எடுத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் இரண்டு மார்க்கு போடுகிறார். ஒன்று ஊருக்குத் தெரியும் ஸ்டார். இன்னொன்று ரகசியம், கம்பெனிக்கு மட்டும் தெரியும், நமக்குக் காட்ட மாட்டார்கள். முகத்துக்கு நேரே "சாப்பாடு பிரமாதம்" என்றுவிட்டு, தெரு முனையில் "உப்பே இல்லைப்பா" என்கிற கல்யாண வீட்டு விருந்தாளி மாதிரி! ஸ்டார் அப்படியே இருக்க ஸ்கோர் மட்டும் சரிந்தால், பெரும்பாலும் இந்த விருந்தாளி வேலைதான்.

இனி கணக்கு. நல்லபடி முடிந்த வேலைகளில் கெட்டதைக் கழித்து, மொத்தத்தால் வகுக்கிறார்கள். ஒரு தம்பி பத்து வேலை முடித்தான். ஒன்பது நல்லது, ஒன்று கெட்டது. 90 என்றுதானே நினைப்பீர்கள்? ஒன்பதில் ஒன்று போக எட்டு. ஸ்கோர் 80! ஒரு கெட்டது ரெண்டு அடி அடிக்கிறது. திரும்ப 90 தொட வேண்டுமானால் மொத்தம் இருபது வேலையில் பத்தொன்பது நல்லதாக இருக்க வேண்டும். அதாவது இன்னும் பத்து வேலை, ஒன்றுகூடப் பிசகாமல். பெரிய தொகை வேலைக்கு எடை கூடுதல் என்பதால் நிஜக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

வயிற்றில் அடிப்பது எங்கே தெரியுமா? ஆள் தேடுகிறவர் "90-க்கு மேல் மட்டும்" என்று வடிகட்டிப் பார்க்கலாம். 80-ல் நிற்கிற தம்பி அந்தப் பட்டியலிலேயே இருக்க மாட்டான். பைக் தவணைக்காரருக்கு இதெல்லாம் புரியுமா?

ஃபைவர் தளத்தில் ஆர்டர் ரத்தானாலும் ஸ்கோர் அடிபடும். "காசைத் திருப்பிக் குடுத்துட்டேனே" என்றால் காசுக் கணக்குதான் நேராகும். புதிதாக வருகிறவரின் முதல் விசாரணைக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் போடுகிறோமா என்பதற்கும் அங்கே தனிக் கணக்கு உண்டு. அப்வொர்க்கில் தாமதமான பதிலுக்கு ஸ்கோரில் நேரடி வெட்டு இல்லை. அந்த ரகசிய மார்க்கு வழியாக வரும். நியூயார்க்கில் அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது நமக்கு ராத்திரி பத்து. "பார்த்துவிட்டேன், காலையில் அனுப்புகிறேன்" என்று ஒரு வரி தட்டிவிட்டுத் தூங்குங்கள்.

ஆகவே சந்தேகமான பார்ட்டியை ஒப்பந்தம் போடும் முன்பே கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். வேண்டாம் என்று மறுப்பதற்கு அப்வொர்க்கில் மார்க்கு குறையாது. இன்னொரு ஆறுதல்: 6, 12, 24 மாதக் கணக்குகளில் எது உசத்தியோ அதைத்தான் காட்டுகிறார்கள். கெட்ட மார்க்கும் ஒருநாள் காலாவதியாகும். தவணைதான் ஆகாது!