கூழ் முட்டை நாத்தமும் ஒரு தூள் மருந்தும்

முதலில் வந்தது நாத்தம்தான். ஒரு விடியக்காலை கூட்டைத் திறந்தவுடன் கூழ் முட்டை உடைஞ்சது போல ஒரு மணம். தேடிப் பார்த்தோம், உடைஞ்ச முட்டை ஒன்றும் இல்லை. நாத்தம் பேடுகளின் மூக்கிலிருந்துதான் வந்தது. அஞ்சாறு பேடுகளுக்குக் கண்ணுக்குக் கீழே வீங்கி, ஒரு கண் மூடி, மூக்கால் ஒட்டும் சளி வடிந்து, அதில் தீன் தூள் அப்பியிருந்தது.

வலிகாமத்தில் எங்கட வீட்டு வளவில் அம்மாவும் நாங்களுமாக 64 முட்டைக்கோழி வளர்த்தோம். நாளுக்கு 48 முட்டை வரும். அதற்கு நாலு நாள் முன்னம் ஒருவர் மலிவாகத் தந்த எட்டுப் பேடுகளை, தனியாக வைக்காமல், அதே கூட்டுக்குள் விட்டிருந்தோம். ஏன் மலிவு என்று கேட்கத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்திட்டு, "உது கோழிக் கொலரா பிள்ளையள், ஒண்டும் மிஞ்சாது" என்றா. பயத்தில் மருந்துக் கடைக்கு ஓடினோம். "எல்லாத்துக்கும் கேக்கும்" என்று ஒரு சல்பாத் தூளைத் தந்தார்கள். தண்ணீரில் கலந்து மூன்று நாள் கொடுத்தோம். அந்த மூன்று நாளும் 36, 31, 29 என்று முட்டை இறங்கியது. ஒரு பேடு செத்தது. வந்த 96 முட்டையையும் வழமைபோல அயலுக்கு விற்றோம்.

நாலாம் நாள் செத்த பேட்டைப் பைக்குள் சுற்றிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனோம். அவர் முதல் கேட்டது, "எத்தினை செத்தது?" ஒன்று என்றோம். "கொலரா கடுமையா வந்தால் நேற்றுத் தின்ற கோழி இண்டைக்குச் செத்துக் கிடக்கும். முகம் வீங்கும் வரைக்கும் காத்திருக்காது."

ஆனால் அதை மட்டும் நம்பி அவர் முடிவெடுக்கவில்லை. கொலரா மெதுவாக வரும்போது தாடைமடல் வீங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அதனால் பேட்டை வெட்டிப் பார்த்தார். கொலரா என்றால் ஈரலில் ஊசி முனை அளவில் வெள்ளைப் புள்ளிகளும் இதயத்தில் இரத்தப் பொட்டுகளும் இருக்கலாம். இங்கே ஈரல் சுத்தம். கண்ணுக்குக் கீழேயுள்ள குழிக்குள் மட்டும் கட்டிப்பட்ட சீழ். "உது கொரைசா" என்றார். இரண்டும் பக்டீரியா நோய்தான், ஆனால் வேறு வேறு பக்டீரியா. கொரைசா மெல்லவே கொல்லும், ஆனால் கூடு முழுக்கத் தொத்தி முட்டையைப் பறிக்கும். உறுதிப்படுத்த, வருத்தமான இன்னொரு பேட்டின் குழியிலிருந்து பஞ்சில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்.

பிறகு மருந்துப் பையைக் காட்டச் சொன்னார். முகம் மாறிட்டுது. சல்பா கொரைசாவுக்குக் கேட்கக்கூடியதுதான். ஆனால் அது முட்டைக்குள் போய்த் தங்கும், முட்டையிடுவதையும் குறைக்கும். அதனால் முட்டைக்கோழிக்குக் கொடுப்பதில்லை. "விற்ற முட்டை?" என்றார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

ஒக்ஸிடெட்ராசைக்கிளின் கேட்டோம். எங்கட கிணத்துத் தண்ணீரிலும் முட்டைக்கோழித் தீனிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்த மருந்தைப் பிடித்து வைக்கும், பாதி உடம்பில் சேராது என்றார். எரித்ரோமைசின் எழுதினார். கண் மூடிய பேடு தண்ணீரைத் தேடிப் போகாது, அதனால் அவற்றைத் தனியாகப் பிரித்து வாயில் ஊட்டச் சொன்னார். மருந்து நாட்களிலும், பிறகு பொதியில் போட்டிருக்கும் நாட்கள் முடியும் வரையும், ஒரு முட்டையும் வெளியே போகக்கூடாது.

அன்று பின்னேரம் அம்மா வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொல்லி, மிஞ்சியிருந்த முட்டையை வாங்கிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்தா. சின்னப் பிள்ளை இருந்த வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் படலையைக் கடக்கும்போது இப்பவும் தலை குனியுது. வாங்கின முட்டையையும் பிறகு வந்ததையும் கிடங்கு வெட்டிப் புதைத்தோம்.

அஞ்சு நாளில் வீக்கம் வற்றியது, நாத்தம் போனது. ஆய்வுகூடமும் கொரைசா என்றே சொன்னது. மருந்து நிறுத்திப் பன்னிரண்டாம் நாள் நாலு பேடுகளுக்குத் திரும்ப முகம் வீங்கியது. டொக்டர் ஆச்சரியப்படவில்லை. சுகமான கோழி கிருமியைச் சுமந்துகொண்டே திரியும். தடுப்பூசி நோய் வர முன்னம் குமரிக் கோழிகளுக்குப் போடுவது. இப்ப போட்டுக் கிருமியைக் கலைக்க ஏலாது.

"உயிரோட வித்துப் போட்டு வேற வாங்குங்கோ" என்று ஒருவர் விலை பேச வந்தார். அப்போதுதான் எங்களிடம் வந்த அந்த எட்டுப் பேடுகளின் மலிவு விளங்கியது. விற்கவில்லை. முட்டைக் காலம் முடியும் வரை வைத்து, மருந்து நாள் கடந்த பிறகு இறைச்சிக்கு மட்டும் கொடுத்தோம். கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து மூன்று கிழமை வெறுமையாக விட்டோம். கோழி இல்லாத இடத்தில் அந்தக் கிருமி கனநாள் தங்காது.

இப்ப கூட்டில் ஒரே வயதுக் குஞ்சுகள், ஊசி இரண்டு தரம் போட்டாச்சு. மலிவுப் பேடு கொண்டு வாறவரைப் படலையிலேயே மறிச்சு, ஏன் விக்கிறீங்கள் என்று கேட்கிறோம்.