ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு பிள்ளை

கலாசாலையில் படிக்கும் காலத்தில், பாடம் முடிந்ததும் பிரதிபலிப்புக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். எது நன்றாக நடந்தது, எது பிழைத்தது என்று ஒரு பக்கம். பாடசாலைக்கு வந்தபின் நாங்கள் யாரும் அதை எழுதவில்லை. ஒரு பாடவேளை முடிந்து அடுத்த வகுப்புக்கு நடக்கும் நேரத்தில் ஒரு பக்கம் எழுத எங்கே முடியும்?

போன தவணையில் தரம் 6க்குப் படிப்பிக்கும் நாங்கள் மூன்று பேர் புல்லட் ஜேர்னல் முறையைத் தொடங்கினோம். அமெரிக்க வடிவமைப்பாளர் ரைடர் கரோல் தன் சொந்தத் தேவைக்கென்று உருவாக்கி, 2013இல் வெளியிட்ட முறை இது. அழகான டயறி தேவையில்லை. ஆளுக்கொரு சாதாரண கொப்பி போதும். திகதியைப் போட்டு, ஒரு விடயத்துக்கு ஒரு வரி. வரியின் முன்னால் ஒரு குறியீடு:

• செய்ய வேண்டியது
X செய்து முடித்தது
> அடுத்த நாளுக்கோ வாரத்துக்கோ கொண்டுபோனது
o நடந்த நிகழ்வு
– கண்ட, கேட்ட விடயம்

புள்ளியின் மேலேயே X போடலாம், > போடலாம். அழித்து எழுதும் வேலை இல்லை. இனித் தேவையில்லை என்றால் வரியையே வெட்டிவிடுவது. ஒரு வரிக்குப் பத்து விநாடி கூட ஆகாது.

ஆரம்பத்தில் பிழை விட்டோம். நாலு நிறப் பேனை, பதினான்கு குறியீடு. இரண்டாவது வாரம் வட்டத்துக்குள் முக்கோணம் என்றால் என்ன என்று எங்களுக்கே தெரியவில்லை. குறியீட்டைப் பார்க்க முன்பக்கத்தைத் திருப்ப வேண்டி வந்தால் அது அதிகம் என்று அர்த்தம். அதனால் மேலே உள்ள ஐந்தோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆனால் பெரிய பிழை குறியீட்டில் இல்லை, அதற்குப் பின்னால் எழுதிய சொல்லில் இருந்தது.

எங்களில் கணிதம் படிப்பிப்பவர் ஒரு திங்கட்கிழமை இப்படி எழுதியிருந்தார்:

– ஜன்னலோரம், 4ஆவது வரிசை: கவனமில்லை

பிள்ளைகளின் பெயரை நாங்கள் எழுதுவதில்லை. கொப்பி யார் கையிலும் அகப்படலாம் என்பதால் இருக்கும் இடத்தை மட்டும் குறிப்போம். அதே வாரம் புதன்கிழமை அவர் எழுதியது:

– ஜன்னலோரம், 4: பலகையில் 36, கொப்பியில் 86. வாயால் கேட்டால் விடை சரி

தமிழ் படிப்பிப்பவரின் கொப்பியில் வியாழக்கிழமை:

– ஜன்னலோரம், 4: புத்தகம் வாசிப்பு நல்லம். பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதினார்

வெள்ளிக்கிழமை பாடசாலை நேரத்தோடு விட்டபின், பதினைந்து நிமிடம் மூன்று கொப்பிகளையும் பக்கத்தில் வைத்து வாசிப்போம். அன்று அந்த வரிகள் ஒன்றாகக் கண்ணில் பட்டன. கிட்ட உள்ளது சரி, தூர உள்ளது பிழை. கவனத்தில் குறையில்லை, கண்ணில்தான் ஏதோ இருக்கிறது. "கவனமில்லை" என்பது எங்கள் தீர்ப்பு. "36, 86" என்பது நாங்கள் கண்டது. தீர்ப்பை மட்டும் எழுதிய திங்கட்கிழமை வரி எங்களை எங்கேயும் கொண்டுபோகவில்லை. அன்றிலிருந்து கோட்டுக்குப் பின்னால் கண்டதை, கேட்டதை மட்டுமே எழுதுகிறோம்.

அன்றே ஒரு புள்ளி வைத்தோம்:

• 4ஆவது வரிசை: உம்மாவோடு கதைக்க

வெட்கத்தோடு சொல்கிறோம், அடுத்த திங்கள் அதில் > போட்டோம். தவணைப் பரீட்சை வேலை. புதன் இன்னொரு >. மூன்றாம் தடவை அதே வரியை எழுதக் கை போனபோதுதான் உறைத்தது. இந்த முறையில் பழைய வரியைக் கையால் திரும்ப எழுத வைப்பது அதற்காகத்தான். எழுத அலுப்பாக இருந்தால் ஒன்றில் அது தேவையில்லாத வேலை, அல்லது நாம் தள்ளிக்கொண்டே போகும் வேலை. மூன்றாவது > எங்களிடம் இல்லை என்று முடிவெடுத்தோம். அன்று பின்னேரமே உம்மாவுக்குக் கோல் எடுத்தோம்.

"வீட்டுலயும் டீவிக்குக் கிட்டப் போய்த்தான் இரிக்கிற, டீச்சர். சொல்வழி கேக்காத பிள்ள எண்டுதான் நெனச்ச" என்றார்.

கண் பரிசோதித்தார்கள். தூரப்பார்வைக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். பிள்ளை இப்போது இரண்டாவது வரிசையில்.

இதற்கும் எல்லை உண்டு. வீட்டில் பிரச்சினை உள்ள பிள்ளை, வகுப்பில் அழுத பிள்ளை போன்ற விடயங்கள் ஒரு வரிக்குள் அடங்காது. அதற்கு o போட்டு, இரவு தனியாக உட்கார்ந்து நீளமாக எழுதுகிறோம். அந்த வாரக் கொப்பிகளை வாசிக்காமல் விட்டாலும் பயனில்லை. அந்த மூன்று வரிகளும் தனித்தனிக் கொப்பிகளில் அப்படியே கிடந்திருக்கும்.

அந்தப் பக்கத்தில் இப்போது இப்படி இருக்கிறது:

X 4ஆவது வரிசை: உம்மாவோடு கதைக்க
– 2ஆவது வரிசை: பலகையில் 36, கொப்பியிலும் 36