அம்மா கேட்ட கேள்வி

வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஒவ்வொரு ஜூலையும் லேக்லண்ட் 50 என்ற மலை ஓட்டம் நடக்கும். 50 மைல் தூரம். முதல் தடவை நான் ஆம்பிள்சைடில், 34 ஆவது மைலில், விலகிக்கொண்டேன். அங்கே மகளோடு காத்துநின்ற அம்மா என்னைக் கண்டதும் கேட்டது ஒன்றுதான்: "ஏன் பிள்ளை, வடிவாச் சாப்பிட்டனியோ?"

எனக்குக் கோபம் வந்தது. சாப்பாடா இப்ப பிரச்சினை, கால் அல்லவோ போயிட்டுது! படியில் இறங்க முன்தொடை இரண்டும் நடுங்கின. மகள் என் கையைப் பிடித்துத்தான் காருக்குக் கூட்டிப்போனாள். அவளுக்கு அப்போது 9 வயது.

பிழை தொடங்கிய இடம் ஆம்பிள்சைட் இல்லை, ஃபியூஸ்டேல் ஏற்றம். ஹவ்டவுன் தாண்டியதும் வரும் அந்த நீண்ட ஏற்றத்தில் முன்னால் போனவர்களை விடக்கூடாது என்று ஓடியும் நடந்தும் ஏறினேன். மூச்சு வாங்கியதில் இரண்டு மணித்தியாலம் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. உச்சியில் பயந்துபோய் இரண்டு ஜெல்லை ஒன்றாக விழுங்கி அரை லீற்றர் தண்ணீரும் குடித்தேன். கடுமையாக உழைக்கும்போது இரத்தம் காலுக்குப் போய்விடும், வயிற்றுக்குக் குறைவு. விழுங்கியது அப்படியே நின்றது. இறங்கும்போது வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் வேகத்தைக் குறைத்து, வயிறு இறங்கும்வரை சின்ன மிடறாகத்தான் குடிக்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஹோஸ்வோட்டர் ஏரிக்கரையில் வாந்தி.

வெறும் வயிற்றோடுதான் மார்டேலில் இருந்து கேட்ஸ்கார்த் கணவாய் ஏறி, மறுபக்கம் இறங்கினேன். அது முழுக்கக் கல்லும் சறுக்கலும். களைத்த உடம்பு பயத்தில் பின்னால் சாயும். நானும் சாய்ந்தேன், குதிக்காலை முன்னுக்கு ஊன்றி ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போட்டேன். அப்படி ஊன்றும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. தசை நார் கிழிவது அதில்தான். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் தொடையை வாங்கும்.

இரண்டு வருசம் கழித்து மறுபடி பெயர் கொடுத்தேன். இந்த முறை சறேயில் உள்ள பொக்ஸ் ஹில்லுக்கு வாரம் ஒரு தடவை போனேன், ஏறுவதற்கு இல்லை, இறங்குவதற்கு. உடம்பைக் கணுக்காலில் இருந்து சரிவோடு சேர்த்து முன்னால் கொஞ்சம் சாய்க்க வேண்டும். முழங்கால் மடிந்தே இருக்கும். அடி சின்னதாகவும் விரைவாகவும், கால் உடம்புக்குக் கீழேயே விழ வேண்டும். கண் காலடியில் இல்லை, மூன்று நாலு மீற்றர் முன்னால். கையைச் சமநிலைக்கு அகல விரித்துக்கொள்ளலாம், பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும். முதல் வாரம் இரண்டு நாள் படி இறங்க ஏலாது. பிறகு அதே இறக்கம் அவ்வளவு நோகாது, தசை பழகிவிடும். கடைசிக் கடும் இறக்கத்தைப் போட்டிக்கு இரண்டு கிழமை முன்னரே முடித்துவிட்டேன்.

ஃபியூஸ்டேலில் இந்த முறை ஓடவே இல்லை. அவ்வளவு செங்குத்தில் என் போன்றவர்களுக்கு ஓட்டமும் நடையும் ஏறக்குறைய ஒரே வேகம்தான், ஓட்டத்துக்குச் செலவு மட்டும் கூட. உள்ளங்கையை முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் வைத்து, கால் ஊன்றும் அதே கணத்தில் கீழே அழுத்தினேன். குட்டையான அடி, முழுப்பாதம். பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்பதுதான் என் அளவுகோல். பேச முடிந்தால் சாப்பிடவும் முடியும்.

சாப்பாட்டுக்கு மணிக்கூட்டில் 20 நிமிடத்துக்கு ஓர் அலாரம். மணித்தியாலத்துக்கு 60 கிராம் மாச்சத்து என்று கணக்கு, அப்படியென்றால் அலாரத்துக்கு 20 கிராம். பெரிய பேரீச்சம்பழம் ஒன்று, அல்லது உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கில் இரண்டு மூன்று சின்னது, அல்லது அரை உள்ளங்கை அளவு சோற்று உருண்டை கிட்டத்தட்ட அவ்வளவு வரும். அம்மா புட்டு கட்டித் தருகிறேன் என்று நின்றா. ஓடிப் பார்க்காத ஆளுக்குத்தான் அந்த யோசனை வரும், மலையில் புட்டு தொண்டையைத் தாண்டாது! தேங்காயும் எண்ணெயும் வயிற்றில் கனநேரம் நிற்கும். ஆகவே உப்பும் தேசிக்காயும் மட்டும் சேர்த்த குழைசோறு. வெயிலில் சோறு பழுதாகும் என்பதால் அதை முதல் நாலு மணித்தியாலத்துக்குள் தின்று முடித்தேன். இறக்கத்துக்குச் சற்று முன்னால் வந்த அலாரத்தை மட்டும் தள்ளிப்போட்டேன், குலுக்கலில் வயிறு தாங்காது. தண்ணீர் தாகத்துக்கு மட்டும். தாகமில்லாமல் வெறும் தண்ணீரை அளவுக்குமீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு ஐதாகும், அது ஆபத்து.

சப்பல் ஸ்டைலுக்குப் பிறகு இனிப்பு எதையும் வாய் ஏற்கவில்லை. சோதனைச்சாவடியில் வாங்கிய சூப்பும் பாணும்தான் என்னைக் கொண்டுபோனது. டில்பர்த்வேய்ட் படிகளில் தொடையில் கை வைத்து ஏறி, கடைசி இறக்கத்தைச் சின்ன அடியாக இருட்டில் ஓடியே இறங்கினேன்.

கொனிஸ்டனில் மகள் காரில் நித்திரை. அம்மா இறங்கி வந்து என் பையைத் திறந்து பார்த்தா. ஒரு பேரீச்சம்பழம் மிச்சம் இருந்தது.

"இதை ஏன் சாப்பிடேல்ல?" என்றா.