ஆதன் என்று பெயர் வைத்தோம்: அத்தைக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அத்தைக்கு,

இந்த மடலை நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் மகனுக்குத் தொட்டில் போட்ட அன்று நீங்கள் பேசியதைப் பாதிப் பேர் பந்திக்குப் போகிற அவசரத்தில் சரியாகக் கேட்கவில்லை.

பெயருக்கு எதிர்ப்பு இருந்தது உங்களுக்குத் தெரியும். நட்சத்திர எழுத்துப்படி வைக்கவில்லை என்பது பெரியம்மாவின் வருத்தம். சித்தப்பாவோ செல்போனில் அகராதியைத் திறந்து, ‘ஆதன்னா அறிவில்லாதவன், குருடன்னு போட்டிருக்கு, படிச்ச பிள்ளைங்க வைக்கிற பேரா இது?’ என்று ஆளாளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ‘ஆதியிலிருந்து வந்தது, முதல்வன்னு அர்த்தம்’ என்று சொல்லிச் சமாளிக்க நான் தயாராக இருந்தேன். நீங்கள் எழுந்ததும் முதலில் சொன்னதே சித்தப்பா படித்தது சரி என்பதுதான்.

அதற்கு நன்றி, அத்தை. அகராதியில் அந்தப் பொருள் இருக்கிறது, பிற்கால நூல்களில் அப்படி ஆண்டும் இருக்கிறார்கள் என்றீர்கள். ஆனால் சேர அரசர்கள் நெடுஞ்சேரலாதன், பெருஞ்சேரலாதன் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கபிலர் பாடிய சேரனுக்கே செல்வக் கடுங்கோ வாழியாதன் என்று பெயர். எந்தத் தகப்பன் அரியணை ஏறப்போகிற பிள்ளைக்கு மூடன் என்று பெயர் வைப்பான் என்று கேட்டபோது சித்தப்பாவே சிரித்துவிட்டார். அரசர்கள் மட்டுமில்லை, கீழடியில் கிடைத்த பானை ஓடுகளிலும் தமிழி எழுத்தில் ஆதன் என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது. சொந்தப் பானை தொலைந்துவிடக் கூடாதே என்று நம் பாட்டி பித்தளைத் தவலையில் பேர் வெட்டி வைத்தாரே, அந்த மாதிரிதான். ‘இதன் வேர்ப்பொருள் இன்னதுதான் என்று அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை, நானும் இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டேன்’ என்று சபையில் சொன்னீர்களே, பெயர்ப் புத்தகங்களில் எல்லாப் பெயருக்கும் ‘ஒளி’, ‘வெற்றி’ என்று வாரி இறைக்கிற இந்தக் காலத்தில் அப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் இன்னும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் பெயரோடு தந்தை என்ற முறைப்பெயரைச் சேர்த்து அப்பாவை அழைக்கும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. சேரும்போது எந்த எழுத்து விழும் என்பதற்குத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் விதியே எழுதி வைத்திருக்கிறார். சாத்தனின் தந்தை சாத்தந்தை, கொற்றனின் தந்தை கொற்றந்தை. சாத்தனில் ‘அன்’ விழுகிறது, தந்தையில் முதல் ‘த்’ விழுகிறது, மிச்சம் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் ஆதன், பூதன் என்ற இரண்டு பெயருக்கு மட்டும் அவர் தனி விதி சொல்கிறார். அவற்றில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே உதிர்ந்துவிடும். ஆதனில் ‘ஆ’ மட்டும் நிற்கும், தந்தையில் ‘ந்தை’ மட்டும் நிற்கும்.

‘ஆகவே இன்றிலிருந்து இவன் ஆந்தை’ என்று என்னைக் கை காட்டினீர்கள். கூடம் அதிர்ந்தது. பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து பிசிராந்தையாரைப் பற்றிச் சொன்னீர்கள். பிசிர் என்ற ஊர்க்காரர், ஆதனின் தந்தை. பாண்டிநாட்டிலிருந்த அவரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் பார்க்காமலே நண்பர்கள். சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, நண்பன் வருவான், இடம் வையுங்கள் என்றான். வந்தார், உடன் வடக்கிருந்தார். வயதாகியும் உங்களுக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றில் 191ஆம் பாட்டாக இருக்கிறது. மனைவி குணமுள்ளவள், பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள் என்றுதான் அந்தக் காரணங்களை எண்ணத் தொடங்குகிறார். ‘ஆதன்னா அறிவில்லாதவனாம், அவன் அப்பன் சொல்கிறான் பாருங்கள், பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்களாம்’ என்றீர்கள். சித்தப்பா செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

அங்கேயும் ஓர் எச்சரிக்கை வைத்தீர்கள். ஆந்தை என்பதே நாளாக நாளாகத் தனிப்பெயராகிப் போயிருக்கலாம், ஆந்தை என்று பெயர் கொண்ட ஒவ்வொருவர் வீட்டிலும் ஓர் ஆதன் இருந்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றீர்கள். இவ்வளவு நல்ல கதையைக் கையில் வைத்துக்கொண்டு அதையும் சொல்ல உங்களால்தான் முடியும்.

பெரியம்மாவுக்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை, அவர் நட்சத்திர எழுத்தில் ஒரு செல்லப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார். கூப்பிடட்டும். என் மனைவியோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு ‘ஆதன் அப்பா’ என்கிறாள். அவசரமாகக் கூப்பிடும்போது பாதி எழுத்து விழுந்துவிடுகிறது.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்,
மதுரை ஆந்தை